சவரன்: காசாக வந்து எடையாக நின்ற சொல்

"பாட்டியின் இருபது சவரன் காசுமாலை" என்று ஒரு வீட்டில் சொன்னால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. இருபது பிரிட்டிஷ் பொற்காசுகளைக் கோத்த மாலை என்பது ஒன்று. எந்த அச்சில் அடித்த காசாக இருந்தாலும் மொத்தம் 160 கிராம் எடையுள்ள மாலை என்பது இன்னொன்று. முதலாவதில் காசுகளை எண்ணுகிறோம், இரண்டாவதில் எடை போடுகிறோம். மாலையை விற்கும்போதும், உடன்பிறந்தார் பங்கு பிரிக்கும்போதும் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஒரு பவுண்டு மதிப்புக்கு அடித்த தங்க நாணயத்தின் பெயர் சாவரின். அந்தப் பெயர் தமிழ் நாவில் சவரன் ஆயிற்று. அதன் மதிப்பைக் குறித்த பவுண்டு, பவுன் ஆயிற்று. ஆக இரண்டும் ஒரே காசின் இரு பெயர்கள். இன்று நாம் காணும் வடிவில் அந்தக் காசு 1817இல் வந்தது. எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தங்கம் 22 காரட். இந்தியாவில் 1899 முதல் அது 15 ரூபாய்க்குச் செல்லும் நாணயமாக இருந்தது. ஊருக்கு ஊர் எடைக்கல்லும் மாற்றும் வேறுபட்ட காலத்தில், எங்கே எடுத்தாலும் ஒரே எடை, ஒரே மாற்று என்று இருந்த காசு தங்கத்துக்கே அளவுகோலாகிவிட்டது. 7.988 என்பது வழக்கில் 8 கிராம் என்று முழுமையாக்கப்பட, இன்று கடைப் பலகையில் "ஒரு சவரன்" என்று எழுதும் விலை 8 கிராமின் விலை. காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது, எடை நின்றுவிட்டது.

இதற்குத் தமிழ்ச் சொல் என்ன? நாணயத்தைச் சொல்லும்போது பொற்காசு என்றால் போதும். எந்த நாட்டுக் காசு என்று தெரிய வேண்டிய இடத்தில் "பிரிட்டிஷ் பொற்காசு" எனலாம். எடையைச் சொல்லும்போது "8 கிராம்" என்பதே தெளிவு. கழஞ்சு என்ற பழைய எடைப் பெயரை இங்கே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. கழஞ்சு வேறு எடை, அது கல்வெட்டுகளில் தனக்கென்று ஓர் அளவோடு இருக்கிறது. 8 கிராமுக்கு அந்தப் பெயரை ஒட்டினால் இரண்டும் கெடும்.

காசு என்ற சொல்லோ நகைக்கு மிகப் பழைய சொந்தம். குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். அதன் வளைந்த அலகில் வேப்பம்பழம். புதுநூலில் கோப்பவனின் கூர்நகத்தில் இருக்கும் "பொலங்கல ஒருகாசு" போல அது தெரிகிறதாம். பொலங்கலம் என்றால் பொன் நகை. சந்தையில் கைமாறும் காசை அவர் சொல்லவில்லை. நகைக்காக நூலில் ஏறும் காசைச் சொல்கிறார். திருப்பாவையில் ஆய்ச்சியர் தயிர் கடையும்போது "காசும் பிறப்பும்" கலகலக்கின்றன. உரையாசிரியர்கள் அவற்றை அச்சுத்தாலி, ஆமைத்தாலி என்கிறார்கள். வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்கிறோமே, அதிலும் இதே இணை இருக்கிறது. சில்லறை நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல்லும் நம் காசிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போனதுதான். ஆகவே காசுமாலை என்ற பெயர் பிரிட்டிஷ் காசுக்காகப் பிறந்ததல்ல. இருந்த பெயருக்குள் பிரிட்டிஷ் காசு வந்து சேர்ந்தது.

இனி மாலையைக் கையில் எடுப்போம். காசுமாலை என்று இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை தகட்டில் லட்சுமி உருவம் அடித்த மெல்லிய வில்லைகள். அவற்றை யாரும் பழைய நாணயம் என்று நம்ப மாட்டார்கள், அதனால் சிக்கலும் இல்லை. சிக்கல் தருபவை ராஜா தலை, ராணி தலை போட்ட நகல்கள். அவற்றிலும் இரண்டு வகை: மாற்றுக் குறைந்தவை, மாற்றும் எடையும் சரியாக இருந்து, அச்சு மட்டும் பொய்யானவை. முதல் வகையைத் தராசு காட்டிக்கொடுக்கும். இரண்டாவதற்குக் கண் வேண்டும்.

தராசில் வெறும் எடை போதாது, ஏனென்றால் மாலைக் காசில் வளையமும் அதை ஒட்டிய பற்றாசும் சேர்ந்திருக்கும். எடையோடு கன அளவையும் எடுக்க வேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் ஒரு குவளை தண்ணீரை வைத்துச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் முழுகும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம், அந்தக் காசின் கன சென்டிமீட்டர் அளவு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வரும். செம்பு கலந்த 22 காரட்டுக்கு அது சுமார் 17.5.

ஒரு கணக்கு. வளையத்தோடு 8.46 கிராம் உள்ள காசு நீரில் 0.49 காட்டுகிறது. வகுத்தால் 17.3 வருகிறது. பற்றாசில் தங்கம் குறைவு என்பதால் இந்தச் சிறு இறக்கம் இயல்பே, உலோகம் சரி. அதே மாலையில் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இன்னொரு காசு 7.10 கிராம், நீரில் 0.47. அடர்த்தி 15.1. இது 18 காரட்டின் அளவு. வளையத்தின் மேல் பழி போட்டு இதை விளக்க முடியாது. பித்தளையில் முலாம் பூசியது என்றால் இன்னும் எளிது: அதே அளவுள்ள பித்தளைக் காசு 4 கிராமைக்கூடத் தொடாது.

இதில் தவறு நேர்வது காற்றுக் குமிழால். எழுத்துகளின் இடுக்கிலும் வளையத்துக்குள்ளும் குமிழ் ஒட்டினால் கன அளவு கூடுதலாகவும் அடர்த்தி குறைவாகவும் தெரிந்து, நல்ல காசும் கெட்டதாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, காசை மெல்ல அசைத்துப் பாருங்கள். தராசின் கடைசி இலக்கம் ஒன்று தவறினாலே அடர்த்தி 0.3 அளவுக்கு மாறும். ஆகவே ஐயம் வந்தால் ஒரேமாதிரிக் காசுகள் ஐந்தைச் சேர்த்துத் தொங்கவிட்டால் பிழை ஐந்தில் ஒன்றாகும்.

கடையில் இருக்கும் காரட் மீட்டர் நொடியில் விடை தரும், ஆனால் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றும். வளையத்துக்கு அருகில் வைத்தால் அது படிப்பது பற்றாசை. காசின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். 20ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் காசு என்றால் தங்கம் 91.6 போக மீதி செம்பாக இருக்க வேண்டும். நடுவிலேயே துத்தநாகம் கணிசமாகத் தெரிந்தால் அது நகைக்காகக் கலந்த தங்கம்.

எடை, அடர்த்தி, மாற்று மூன்றும் சரியாக வந்தும் காசு நகலாக இருக்கலாம். அங்கே ஆண்டும் தலையும் பேசும். விக்டோரியா தலை 1901 வரைதான். வலப்பக்கம் பார்க்கும் எட்வர்டு தலை 1902 முதல் 1910 வரை. இடப்பக்கம் பார்க்கும், தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல் 1932 வரை. ஆறாம் ஜார்ஜ் தலையில் 1937ஆம் ஆண்டுச் சேகரிப்புக் காசு தவிர வேறில்லை; எனவே மாலையில் அவர் தலை வரிசையாகத் தொங்கினால் அவை நகல்.

பிறகு பூப் பக்கம். குதிரைமேல் இருக்கும் வீரன் பறவைநாகத்தை வீழ்த்தும் படம் பெனடெட்டோ பிஸ்த்ருச்சி என்ற நாணயச் சிற்பி வரைந்தது. ஆண்டுக்கு வலப்புறம் ஓரமாக அவருடைய முதலெழுத்துகள் 'B.P.' பொடியாக இருக்கும். நகலில் அவை புள்ளியாகக் குழைந்திருக்கும் அல்லது இல்லாமலே போகும். குதிரையின் காலடித் தரைக்கோட்டில், ஆண்டுக்கு நேர்மேலே, எந்த ஊரில் அடித்தது என்று சொல்லும் அச்சகக் குறி உண்டா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். மெல்போர்னுக்கு M, சிட்னிக்கு S, பெர்த்துக்கு P. லண்டனுக்குக் குறி கிடையாது. 'I' என்று இருந்தால் அது பம்பாயில் அடித்தது. அங்கே அடித்த ஒரே ஆண்டு 1918. லண்டனில் 1918 முதல் 1924 வரை இந்தக் காசு அடிக்கவில்லை. ஆகவே அந்த ஆண்டுகளைத் தாங்கியும் குறியே இல்லாத காசு பொய்க்காசு. குறி தேய்ந்து மறைந்திருக்கலாமே என்றால், குறி தேயுமளவு தேய்ந்த காசில் வீரனின் முகமும் குதிரையின் தசைக்கோடும் மிஞ்சியிருக்காது.

அச்சின் தன்மையையும் பாருங்கள். வார்த்தெடுத்த நகலில் தலையைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பில் ஊசித்துளைகள் தெரியும், எழுத்தின் ஓரம் சோப்புபோல மழுங்கியிருக்கும், விளிம்பு வரிகள் சீராக இரா. இவற்றைவிட வலுவான சான்று மாலையிலேயே இருக்கிறது: பக்கத்துப் பக்கத்துக் காசுகளை ஒப்பிடுவது. கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரே வடு, எழுத்தில் ஒரே வெட்டு நான்கைந்து காசுகளில் திரும்பத் திரும்ப வந்தால், உண்மைக் காசு ஒன்றை வைத்து எடுத்த அச்சில் எல்லாம் பிறந்தவை என்று பொருள். ஆண்டுகள் ஒன்றாக இருப்பது மட்டும் குற்றமல்ல; ஒரே கட்டாக வாங்கிக் கோத்திருக்கலாம். தேய்மானமும் கீறலும் ஒன்றாக இருப்பதுதான் இயலாதது. காசின் அச்சோடு சேர்ந்தே 916 என்றோ 22 என்றோ இருந்தால் விவாதமே வேண்டாம், அது நகைப் பட்டறைக் காசு.

நகல் என்று தெரிந்ததால் தங்கம் பொய்யாகாது. 22 காரட் நகல் தன் எடைக்குரிய விலை பெறும். உண்மைக் காசுக்கும் வளையம் பற்றவைத்த பிறகு சேகரிப்பாளர் விலை பெரும்பாலும் போய்விடும். அதனாலேயே, நல்ல காசு என்று தெரிந்தவுடன் வளையத்தை அறுத்து எடுக்கவோ மெருகு போடவோ வேண்டாம். தழும்பு போகாது, அச்சு மட்டும் மேலும் தேயும். உரைகல்லில் தேய்த்துத்தான் தீர வேண்டும் என்றால் வளையத்தை ஒட்டிய விளிம்பில் தேய்க்கச் சொல்லுங்கள், தலைமேல் வேண்டாம்.

மாலையைப் பத்தரிடம் புதிதாகக் கோக்கக் கொடுக்கும்போது ரசீதில் "காசுமாலை, 20 சவரன்" என்று எழுதி வாங்கிவராதீர்கள். காசுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் ஆண்டு, தலை, அச்சகக் குறி, வளையத்தோடு உள்ள எடை, கடைசியில் மொத்த எடை கிராமில் என்று எழுதச் சொல்லுங்கள். இருபது உண்மைக் காசுகள் வளையமின்றி 159.8 கிராமுக்கு மேல் போகாது. தேய்ந்தவை இன்னும் குறையும். இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பி வரும்போது அதே வடு அதே காசில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.