கான்ஜுகேட்: இணைக்கோவை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வினைச்சொல்லைத் திரிக்கும் பாடம் ‘கோன்ஜுகேசோன்’. கணக்கில் வர்க்கமூலம் குறுக்கே நின்றால் ‘கோன்ஜுகே’யால் பெருக்கச் சொல்வார்கள். பக்கத்துக் கடலூர் வகுப்பில் இதையே ‘கான்ஜுகேட் போட்டுப் பெருக்கு’ என்பார்கள். எல்லாம் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவைதான். ‘யுகும்’ என்றால் நுகத்தடி. ‘கோன்’ என்றால் சேர்த்து. ஒரே நுகத்தில் பூட்டியது என்பது மூலப்பொருள்.

கணிதத்தில் a − b, a + b இரண்டும் அப்படிப் பூட்டப்பட்டவை. பெருக்கினால் a² − b² கிடைக்கும், வர்க்கமூலங்கள் மறைந்துவிடும்.

√x-இன் வகைக்கெழுவை எல்லை வரையறையிலிருந்து காணும்போது இது எப்படி உதவுகிறது என்று பார்ப்போம். x > 0 என்று கொள்வோம். வரையறை தருவது, h → 0 ஆகும்போது இந்த விகிதத்தின் எல்லை:

(√(x+h) − √x) / h

இதில் நேராக h = 0 போட்டால் 0/0 தான் வரும்; அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அதனால் மேலேயும் கீழேயும் √(x+h) + √x ஆல் பெருக்குகிறோம். தொகுதி (x+h) − x, அதாவது வெறும் h ஆகிறது. எல்லை எடுக்கும்போது h பூச்சியத்தை நெருங்குமே தவிரப் பூச்சியம் ஆகாது. அதனால் அதை அடிக்கலாம். மிஞ்சுவது:

1 / (√(x+h) + √x)

இப்போது h → 0 என்றால் விடை 1/(2√x). x = 4 எனில் 1/4. சரிபார்க்க h = 0.01 போடுங்கள்: √4.01 ஏறக்குறைய 2.0025, 2-ஐக் கழித்து 0.01 ஆல் வகுத்தால் சுமார் 0.25.

பலர் சறுக்கும் இடம் பகுதிதான். அங்கே h(√(x+h) + √x) என்பதை விரித்து எழுதிவிட்டால், அடிக்கவேண்டிய h கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பெருக்கலாகவே விட்டுவையுங்கள். x = 0 இல் இந்த விடை செல்லாது; அங்கே விகிதம் 1/√h ஆகி எல்லையில்லாமல் பெருகும், தொடுகோடு செங்குத்தாக நிற்கும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? அதிபரவளையத்தின் ‘துணையச்சு’ என்னும் பெயரில் இதே ஆங்கிலச் சொல்லைத் ‘துணை’ என்றார்கள். இங்கே அது பொருந்தாது என்பது என் கருத்து. துணை என்றால் ஒன்று முதன்மை, மற்றது அதற்கு உதவி. a − b-க்கு a + b எப்படியோ, a + b-க்கு a − b-யும் அப்படியே. ஆகவே ‘இணைக்கோவை’ என்பதே சரி.

ஆனால் கனமூலத்துக்கு இந்த இணை போதாது. ∛(x+h) − ∛x-ஐ a − b என்று வைத்தால், கனமூலங்களை நீக்க a² + ab + b² ஆல் பெருக்க வேண்டும். அதை ‘விகிதப்படுத்தும் காரணி’ என்பதே பொருத்தம்.