வெட்டிய இடத்தைக் கட்அவே மறைத்துவிடும்

காசிமேடு, ராயபுரம் பக்கம் செல்போனிலேயே செய்தி எடுத்துப் போடும் இளைஞர்கள் இப்போது நிறைய. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் எடிட்டிங் கற்க என்னிடம் வருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணே, பைட்ல ஜம்ப் தெரியுது, எப்படி மறைக்கிறது?" என்பதுதான். பேட்டியிலிருந்து எடுத்துப் போடும் பேச்சுத் துண்டுதான் பைட். அதில் ஜம்ப்பை மறைப்பது சுலபம். நடுவில் வெட்டினால் பேசுபவரின் தலை சட்டென்று இடம் மாறும். அந்த இடத்தில் மேலே கட்அவே என்று இன்னொரு காட்சியைப் போட்டுவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தச் சுலபம்தான் எனக்குக் கவலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நானே அப்படி ஒருவரைக் காயப்படுத்தியிருக்கிறேன்.

மீன்பிடித் தடைக்காலச் செய்தி அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. துறைமுகத்தில் மீன் வாங்கித் தெருவில் விற்கும் ஓர் அம்மா பேசியிருந்தார்: "தடைகாலம் வோணான்னு நாங்க சொல்லல தம்பி. குஞ்சு பொரிச்சாதான் நாளைக்கு மீனு. ஆனா இந்த ரெண்டு மாசமும் ஏலத்துல பெரிய மீனே வர்றதில்ல. வர்ற மீனும் வெல கட்டுப்படியாவல. கடன வாங்கித்தான் குடும்பம் ஓட்டிக்கினு இருக்கோம்." இடையிடையே மகளின் ஸ்கூல் ஃபீஸ், வட்டிக்காரர் என்று பேச்சு போய்வந்ததில் மொத்தம் 70 விநாடி. எனக்குக் கிடைத்த இடம் 15 விநாடி.

"இந்த ரெண்டு மாசமும்" என்ற இடத்திலிருந்து எடுத்தேன். அதற்கு முன்னால் வந்த வாய்ஸ் ஓவர், தடைக்காலத்தால் பெண்கள் கொதிப்பில் இருப்பதாகச் சொன்னது. அந்த அம்மா சொல்லாத ஒரு சொல்லும் பைட்டில் இல்லை. ஆனாலும் தடையே கூடாது என்று அவர் சண்டைக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தில் பார்த்தபோது, "நான் வோணான்னா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். அக்கம்பக்கத்தில் அவரைத் திட்டியிருக்கிறார்கள்.

தமிழ்ப் பைட் வெட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் முடிவு கடைசியில்தான் வரும். "வோணான்னு நாங்க" என்பது வரைக்கும் ஒரு பொருள், "சொல்லல" என்று முடிந்ததும் நேர் எதிர்ப் பொருள். வேறொருவர் "குடுத்தா சமாளிப்போம்" என்று சொல்லும்போது "குடுத்தா" போய்விட்டால் நிபந்தனையே காணாமல் போகும். அதனால் வினைச்சொல் முடிந்து, குரல் கீழே இறங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். குரல் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது வெட்டினால், பேச்சைப் பிடுங்கியதுபோல் காதுக்கே தெரியும். அடுத்த வாக்கியம் "ஆனா" என்று தொடங்கினால், முந்தைய வாக்கியத்தை விட்டுவிட்டு அதை மட்டும் எடுக்கவே கூடாது.

அதே பதிவை இன்று நான் அடுக்கினால் இப்படித்தான் செய்வேன். இரண்டு நிமிடச் செய்தி என்றால் 120 விநாடி. முதலில் படத்தைத் தொடவே மாட்டேன். ஒலியை மட்டும் டைம்லைனில் வரிசையாக வைப்பேன். பைட்தான் முதலில் உட்கார வேண்டும். சொன்ன ஐந்து வாக்கியங்களும் இருக்கட்டும், ஃபீஸ், வட்டிக்காரர் கதைகள் போகட்டும்: 26 விநாடி வரும். அடுத்து பி.டி.சி., அதாவது நிருபர் கேமராவைப் பார்த்துப் பேசும் பகுதி, 20 விநாடி. மீதி 74 விநாடியில் தொடக்கத்தில் 5, முடிவில் 5 இடத்துச் சத்தத்துக்கு. வாய்ஸ் ஓவருக்குக் கிடைப்பது 64 விநாடி. அதை 22, 20, 22 என்று மூன்றாகப் பிரிப்பேன். என் வாசிப்பு வேகத்தில் 22 விநாடிக்கு 40 சொல்தான் கொள்ளும். உங்கள் வேகத்தைக் கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் வாசித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

பைட் உட்கார்ந்த பிறகுதான் வாய்ஸ் ஓவர் எழுத வேண்டும். முதலிலேயே எழுதிவிட்டால், எழுதியதற்கு ஏற்ற பைட்டைத் தேட ஆரம்பிப்போம். நான் தவறியது அங்கேதான். பைட்டுக்கு முந்தைய வரி, அவர் சொல்லப்போவதை முந்திச் சொல்லவும் கூடாது, அதற்குத் தீர்ப்பு எழுதவும் கூடாது. "தடையின் தேவை இங்கே எல்லோருக்கும் புரிகிறது, ஏலம் எடுத்து விற்பவர்களின் கணக்கு வேறு" என்பது போதும். மீதியை அந்த அம்மாவே சொல்வார்.

பி.டி.சி.யை எங்கே வைப்பது? படமாகக் காட்ட முடியாத விஷயம் எங்கே வருகிறதோ, அங்கே. ஃபைபர் படகு இந்த 61 நாளிலும் போகலாம், விசைப்படகு போகக் கூடாது. அதனால் ஏலத்தில் மீன் அடியோடு நிற்பதில்லை, அளவு சுருங்குகிறது. இதை வெறும் காட்சியால் புரியவைக்க முடியாது. நிருபர் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளைப் பின்னால் வைத்து நின்று, கையைக் காட்டி விளக்கினால் அந்த 20 விநாடிக்கு வேலை இருக்கிறது. காசிமேட்டில் கடற்காற்று மைக்கில் அறையும். பஞ்சுறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள். காற்று அறைந்த பதிவை எடிட்டில் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

இப்போது படம். பைட்டின் முதல் ஐந்து விநாடி அந்த அம்மாவின் முகம்தான் இருக்க வேண்டும். பெயரும் அங்கேதான் வரும். ஃபீஸ் கதையை வெட்டிய இடத்தில் ஒரு கட்அவே. அலுமினிய அன்னக்கூடையின் அடியில் கொஞ்சம் மீன், அதைத் தள்ளித் தள்ளி அடுக்கும் அவர் கை. வெட்டுக்கு ஒரு விநாடி முன்பே தொடங்கி, மூன்று விநாடி ஓடட்டும். பிறகு முகத்துக்குத் திரும்பி வந்து, "கடன வாங்கித்தான்" என்பதை அவர் முகத்தைப் பார்த்தே கேட்கட்டும். பைட் முழுவதையும் காட்சியால் மூடினால், அது யார் சொன்னது என்பதே மங்கிவிடும்.

அந்தக் கை அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும். பசங்களிடம் அடிக்கடி பார்க்கிறேன்: கட்அவே போதவில்லை என்று, பழைய கார்டிலிருந்து விசைப்படகு மீனைக் கொட்டும் ஏலக் காட்சியை எடுத்துப் போட்டுவிடுவார்கள். "பெரிய மீனே வர்றதில்ல" என்று அவர் சொல்லும்போது திரையில் வஞ்சிரம் குவிந்து கிடந்தால், அவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறோம். வேறு வழியே இல்லையென்றால் "கோப்புக் காட்சி" என்று திரையில் போடுங்கள். இந்தத் தட்டுப்பாடு வராமலிருக்க, களத்திலேயே பேட்டி முடிந்ததும் பத்து நிமிடம் கூட நில்லுங்கள். ஒவ்வொரு காட்சியையும் ஆடாமல் பத்து விநாடி எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, நடுவில் ஒன்று, கை, கூடை, தராசு என்று நெருக்கத்தில் சில. தடைக்காலத்தில் படகுகளுக்குப் பழுது பார்ப்பார்கள். பலகையில் சுத்தியல் அடிக்கும் அந்தச் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிந்து வையுங்கள். தொடக்க 5 விநாடியும் முடிவு 5 விநாடியும் அதுதான். வாய்ஸ் ஓவருக்குக் கீழே தாழ்வாக ஓடினால், வெட்டுக்கு வெட்டு ஒலி மாறுவதும் கேட்காது.

எல்லாம் முடிந்ததும், களத்துக்கு வராத ஒருவரைக் கூப்பிட்டு ஒருமுறை போட்டுக் காட்டுகிறேன். "இந்தம்மா தடைக்காலம் வேணும்ங்கிறாங்களா, வேணாம்ங்கிறாங்களா?" என்று மட்டும் கேட்பேன். "வேணாம்ங்கிறாங்க" என்று பதில் வந்தால், வீடியோ ஏற்றுமதியை நிறுத்திவிட்டு டைம்லைனைத் திரும்பத் திறக்கிறேன்.