தளை என்பது சீரின் பெயர் அல்ல

போன வாரம் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு பகல் முழுக்க யாப்பிலக்கண விடைத்தாள் திருத்தினேன். மொத்தம் 17 தாள்கள். 16 தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தவறு. பல வருடமாக மாட்டாமல் இருந்த தவறுதான், ஆனாலும் இந்த முறை பொறுமை போய்விட்டது.

தெரிந்த குறளைத்தான் கொடுத்திருந்தேன்: 'அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.' அசை பிரித்து, சீரின் வாய்பாடு சொல்லி, தளை காண வேண்டும். எழுத்/தெல்/லாம் என்று பிரித்தால் நிரை நேர் நேர், புளிமாங்காய். சிலர் பொருளைப் பார்த்து 'எழுத்து', 'எல்லாம்' என்று தனித்தனியாக்கி நான்கு அசை எழுதியிருந்தார்கள். வெண்பாவில் நாலசைச் சீர் வராது என்ற நினைப்பாவது அந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டாமா? அசைக்கு ஓசைதான் கணக்கு, பொருள் இல்லை.

இன்னும் சிலர் 'ஆதி'யை 'அதி' என்று எழுதி நிரை என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும். வீட்டில் பேச்சு கிரியோல், கோயிலில் பாடுவது ரோமன் எழுத்தில் அச்சடித்த தாளைப் பார்த்து. அந்தத் தாளில் பெரும்பாலும் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே எழுத்துதான். பிழையைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 'அதி' என்றால் அது ஓரசைச் சீர் ஆகிவிடும். குறளில் ஓரசைச் சீருக்கு இடம் கடைசியில் மட்டும்தான். முதல் அடியின் நாலாம் சீரில் அப்படி ஒன்று வந்தால் உடனே எழுத்தைத் திரும்பப் பாருங்கள்.

இதற்கெல்லாம் நான் ஒருமுறைதான் மதிப்பெண் வெட்டுவேன். தப்பாகப் பிரித்த அசையை வைத்தே தளையைச் சரியாகச் சொல்லியிருந்தால் தளைக்கு உரியது கிடைக்கும். திருத்துகிற மற்றவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நெடிலுக்காகப் பிள்ளையை மூன்று இடத்தில் அடிக்காதீர்கள்.

சரி, அந்த 16 தாள்களுக்கு வருகிறேன். பிள்ளைகள் மனதில் ஊறிப்போன எண்ணம் இது: மா என்றாலும் விளம் என்றாலும் இயற்சீர் வெண்டளை, காய் என்றால் வெண்சீர் வெண்டளை. சீரைப் பார்த்தவுடன் தளையின் பெயரை எழுதிவிடுகிறார்கள். அடுத்த சீரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தளை ஒரு சீருக்குள் இருக்கும் பொருள் அல்ல, அம்மா. நின்ற சீரின் ஈற்றசையும் வந்த சீரின் முதலசையும் சந்திக்கிற இடம் அது. 'முதல' மாச்சீர், அடுத்து 'எழுத்' என்று நிரை வருகிறது, மா முன் நிரை வந்ததால் இயற்சீர் வெண்டளை. 'எழுத்தெல்லாம்' காய்ச்சீர், அடுத்து 'ஆ' என்று நேர் வருகிறது, அதனால் வெண்சீர் வெண்டளை. அதே காய்க்குப் பின் நிரை வந்திருந்தால் கலித்தளை. சீர் மாறவே இல்லை, தளை மாறிவிட்டது.

இந்தத் தவறு இத்தனை வருடம் மாட்டாமல் தப்பித்ததற்கு நாங்களும் காரணம். தேர்வில் எப்போதும் பிழையில்லாத குறளையே கொடுக்கிறோம். அதில் வெண்டளை தவிர வேறு தளை வராது. குருட்டாம்போக்கில் எழுதினாலும் விடை சரியாகத்தான் இருக்கும். அதனால் இந்த முறை இரண்டாவது கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றி வைத்தேன்: 'பகவன்' இருந்த இடத்தில் 'தேவன்'. (எதுகையும் போய்விட்டது, வள்ளுவர் மன்னிக்கட்டும்.) 'ஆதி' மாச்சீர், அடுத்து 'தே' நேரசை. மா முன் நேர் வந்தால் நேரொன்றாசிரியத்தளை. வெண்பா அங்கேயே உடைந்துவிட்டது. 16 பேர் கண்ணை மூடிக்கொண்டு இயற்சீர் வெண்டளை என்று எழுதியிருந்தார்கள், அல்லது அந்த இடத்தையே விட்டிருந்தார்கள்.

விட்டவர்களுக்கு இன்னொரு குழப்பம். அடி முடிந்தால் தளையும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முதல் அடியின் கடைசிச் சீரும் இரண்டாம் அடியின் முதல் சீரும் தளைக்க வேண்டும். குறளில் ஏழு சீர், ஆகவே ஆறு தளை. ஐந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால் அடி திரும்பும் இடத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள். தாளைக் கொடுக்கும் முன் விரல் விட்டு எண்ணுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், தளை எழுதும்போது வெறும் பெயரை எழுதாதீர்கள். 'ஆதி – பகவன்: மா முன் நிரை' என்று இரண்டு சீரையும் எழுதி, பிறகு பெயரைப் போடுங்கள். கை இரண்டு சீரை எழுதினால் கண்ணும் இரண்டாவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பதினேழாவது தாளில் தளையின் பெயர் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி மட்டும்: 'மிஸ், ஆதிக்குப் பிறகு தேவன் இடிக்குது.' பாதி மதிப்பெண்தான் போட முடிந்தது. ஆனால் அந்தத் தாளை மட்டும் இரண்டாம் முறை எடுத்துப் படித்தேன்.