செங்குத்தாக நிற்கிறது என்று நம்பிவிடாதீர்கள்

கோலாலம்பூரில் எங்கள் மண் சோதனைக்கூடத்தில் நான்கு வருடம் வேலை பார்த்த தம்பி ஒருவர், இப்போது சீனாவின் கான்சு மாகாணத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் இருக்கிறார். போன மாதம் ஒரு படம் அனுப்பினார். பத்து மீட்டர் உயரத்துக்குக் கத்தியால் சீவியதுபோல் நிற்கும் வெளிர்மஞ்சள் மண்சுவர். கீழே ஒரு கேள்வி: "அண்ணே, நம்ம ஊர் செம்மண்ணை இப்படி வெட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. இது கல் மாதிரி நிற்கிறது. இதன்மேல் நேராக அஸ்திவாரம் போடலாம்தானே?"

உடனே அவரைக் கூப்பிட்டேன். அந்த மண்ணுக்குப் பெயர் லோயஸ். மலேசியாவில் மட்டும் வேலை பார்த்தவர்களுக்கு அது பழக்கமில்லாத மண். நம்முடைய செம்மண் பாறை இருந்த இடத்திலேயே மக்கி உண்டானது. லோயஸ் காற்றில் வந்தது. பாலைவனங்களிலும் பனியாறுகள் அரைத்துப்போட்ட வெளிகளிலும் இருந்து காற்று அள்ளிய தூசு, புல்வெளிகளில் மெல்ல இறங்கியது. மணலைவிட நுண்மை, களிமண்ணைவிடப் பருமன். துகள்களில் பெரும்பாலானவை 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர் வரை, விரலில் தேய்த்தால் மாவு போல இருக்கும். இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி விழுந்ததில், லான்ஜோ நகரை ஒட்டிய சில இடங்களில் 300 மீட்டருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

தண்ணீர் கொண்டுவந்த வண்டல் என்றால் நெருங்கிப் படியும். இது விழுந்த வாக்கிலேயே நின்றுவிட்டது. துகளும் துகளும் முனையில் மட்டும் தொட்டுக்கொள்ள, தொட்ட இடத்தைச் சிறிது களிமண்ணும் சுண்ணாம்பும் ஒட்டிப் பிடித்திருக்கும். கன அளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். குழாய்ப் புட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உதிரியான மாவுதான், ஆனாலும் தட்டில் நிமிர்ந்து நிற்கிறது. அதன்மேல் குழம்பை ஊற்றினால் என்ன ஆகும்?

அதற்கு முன் விளைச்சலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மக்களை அங்கே இழுப்பதே அதுதான். லோயஸ் துகள் புதிதாய் அரைபட்ட பாறைப்பொடி. பொட்டாசியமும் கால்சியமும் இன்னும் உள்ளே இருக்கின்றன. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை நம் மண்ணின் சத்தை எப்போதோ கழுவிவிட்டது. அங்கே மழை குறைவு, சத்து தங்கிவிட்டது. துளைகளின் அளவும் பயிருக்குத் தோதானது. மணலில் தண்ணீர் வடிந்துவிடும், களிமண் வேருக்குத் தராமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லோயஸ் பிடித்தும் வைக்கும், கொடுக்கவும் செய்யும். கல் தடுக்காததால் வேர் ஆழமாக இறங்கும். உக்ரைனின் கரிசல் நிலமும் அமெரிக்காவின் அயோவா சோள வயல்களும் பெருமளவு லோயஸின் மேல்தான் இருக்கின்றன.

சரி, புட்டுக்கு வருவோம். காய்ந்த லோயஸில் துகள்களுக்கிடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. ஊறினால் அந்த இழுப்பு போய்விடும், களிமண் ஒட்டும் இளகிவிடும். மேலே இருக்கும் சுமை துகள்களை வெற்றிடத்துக்குள் தள்ளுகிறது. சாதாரணக் களிமண் வருடக்கணக்கில் அமரும். இது புதிய சுமை எதுவும் ஏறாமலே சில மணி நேரத்தில் அமர்ந்துவிடும்.

எங்கள் கூடத்தில் கணக்கு இப்படிப் போகும். கலைக்காமல் வெட்டிய 20 மில்லிமீட்டர் மண்வில்லையை வளையத்தில் வைத்து, 200 கிலோபாஸ்கல் சுமை ஏற்றி, அமர்ந்தபின் தண்ணீர் விடுவோம். அதே சுமையில் மேலும் 1.4 மில்லிமீட்டர் இறங்கினால் அது 7 சதவீதம். அஸ்திவாரத்துக்குக் கீழே நான்கு மீட்டர் அதே சுமையில் ஊறினால் 28 சென்டிமீட்டர். குழாய் ஒரு பக்கம்தானே கசியும்? கட்டடமும் அந்தப் பக்கம் சாயும்.

பாசனமும் இதையே செய்யும். லான்ஜோவுக்கு மேற்கே ஹெய்ஃபாங்தாய் என்ற மேட்டுநிலத்தில் 1960களிலிருந்து ஆற்றுநீரை மேலேற்றி வயலுக்குப் பாய்ச்சினார்கள். பயிர் விளைந்தது. நிலத்தடி நீர் உயர்ந்து லோயஸின் அடியை ஊறவைத்தது, மேட்டின் விளிம்பு திரும்பத் திரும்பச் சரிந்தது.

தம்பியிடம் கருவி இல்லாமலே செய்யும் சோதனை ஒன்றைச் சொன்னேன். கலையாத மண்கட்டியில் ஒரே அளவில் இரண்டு உருளை வெட்ட வேண்டும். ஒன்றை நனைத்துப் பிசைந்து, அதே விட்டத்தில் மறுபடி உருட்ட வேண்டும். மற்றதைவிடத் தெளிவாகக் குட்டையானால், ஊறினால் திடீரென அமர்ந்துவிடும் வகை மண் அது. இது எச்சரிக்கைக்கு மட்டும்தான், எத்தனை சென்டிமீட்டர் இறங்கும் என்பதை ஆய்வகம்தான் சொல்லும். அதைப் பொறுத்துத்தான் மண்ணை இடித்து இறுக்குவதா, முன்கூட்டியே ஊறவைத்து அமரவிடுவதா, ஆழத்துக்குத் தூண்போல் இறக்கும் பைல் போடுவதா என்று முடிவு செய்வார்கள்.

மறுநாள் படம் வந்தது. நனைத்த உருளை இரண்டு விரல் அகலம் குட்டை. படத்தின் ஓரத்தில், சுவரின் உச்சிக்குப் பக்கத்திலேயே தளத்தின் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் ஈரத் திட்டு. அஸ்திவாரப் பேச்சை விட்டுவிட்டு, முதலில் தொட்டியைக் காலிசெய்து தள்ளி வைக்கச் சொன்னேன்.