மாதிரியின் பதிலில் ஒரு நோயாளியின் தடம்

மரபணு ஆய்வுகளில் ஒரு குறிப்பிட்ட நோய் உள்ளவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அக்குழுவில் ஒவ்வொரு மரபணு வேறுபாடும் எத்தனை சதவீதம் காணப்படுகிறது என்ற சராசரிகளை மட்டும் வெளியிடுவது நெடுங்காலம் பாதுகாப்பானதாகவே கருதப்பட்டது. தனி ஒருவரின் விவரம் அதில் எங்கும் இல்லை. ஆனால் 2008-இல் நில்ஸ் ஹோமரும் அவருடைய சக ஆய்வாளர்களும், ஒருவருடைய மரபணு விவரம் கையில் இருந்தால், அந்தச் சராசரிகளோடு அதை ஒப்பிட்டே அவர் அக்குழுவில் இருந்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். ஒவ்வோர் இடத்திலும் சராசரி அவரை நோக்கி மிகச் சிறிதளவே சாய்ந்திருக்கும். ஆனால் அந்தச் சாய்வுகளைப் பல்லாயிரம் இடங்களில் கூட்டிப் பார்க்கும்போது ஐயத்துக்கு இடமின்றிப் போகிறது. நோயாளிகளின் குழுவில் இருந்தார் என்று தெரிந்தாலே அவருக்கு அந்த நோய் இருப்பது தெரிந்துவிடுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய சராசரிகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கிக்கொண்டது.

இயந்திரக் கற்றலில் 'மெம்பர்ஷிப் இன்ஃபரன்ஸ்' என்று வழங்கும் தாக்குதலின் வேர் இதுவே. இக்கட்டுரையில் அதை இருப்பறியும் தாக்குதல் என்று குறிப்பிடுகிறேன். மாதிரி என்பது தரவிலிருந்து கற்றுக்கொண்டு விடைகளை ஊகிக்கும் கணினி நிரல். பயிற்சி பெற்ற ஒரு மாதிரியும் ஒருவகையில் தன் தரவின் சுருக்கம்தான். தாக்குபவரிடம் ஒருவருடைய பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவு இந்த மாதிரியின் பயிற்சித் தரவில் இருந்ததா என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

2017-இல் ரேஸா ஷோக்ரியும் மூன்று சக ஆய்வாளர்களும் இக்கேள்வியை இயந்திரக் கற்றல் மாதிரிகளிடம் எழுப்பினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தரவுகளில் ஒன்று, டெக்ஸாஸ் மாநிலச் சுகாதாரத் துறை வெளியிட்ட மருத்துவமனைப் பதிவுகள். நோயாளியின் வயது, பாலினம், நோய்க்குறிகள், தங்கிய நாட்கள் போன்றவற்றைக் கொண்டு, அவருக்குச் செய்யப்பட்ட முக்கியச் சிகிச்சை 100 வகைகளில் எது என்று ஊகிப்பது மாதிரியின் வேலை. மாதிரியின் உள்ளமைப்பை அவர்கள் திறந்து பார்க்கவில்லை. ஒரு பதிவைக் கொடுத்து, ஒவ்வொரு வகைக்கும் மாதிரி தரும் நிகழ்தகவை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவே.

அந்த நிகழ்தகவில் தடம் எப்படி விழுகிறது? பயிற்சி என்பது, ஒவ்வொரு பதிவுக்கும் மாதிரி செய்யும் தவறை அளந்து, அந்தத் தவறு குறையும் திசையில், மாதிரியின் விடையைத் தீர்மானிக்கும் உள் எண்களான எடைகளைச் சற்றே நகர்த்துவதை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்வதாகும். தவறின் அளவை இழப்பு என்பர். சரியான விடைக்கு மாதிரி தரும் நிகழ்தகவு p என்றால், அது இப்படிக் கணக்கிடப்படும்:

```
loss = -ln(p)
```

பயிற்சியில் இருந்த பதிவுகளின் இழப்பைக் குறைப்பதற்காகவே எடைகள் நகர்த்தப்பட்டன என்பதால், அவற்றின் இழப்பு இயல்பாகவே தாழ்ந்திருக்கும். ஆகவே ஒரு வரம்பை வைத்து, அதற்குக் கீழே இழப்பு உள்ளவர்கள் எல்லாம் பயிற்சியில் இருந்தவர்கள் என்று சொல்வதே மிக எளிய தாக்குதல். மாதிரி தன் தரவை மனப்பாடம் செய்யும் அளவுக்கு மிகைப் பொருத்தம் கொண்டிருந்தால் இது நன்றாகவே பலிக்கும். ஆனால் இந்த எளிய முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. அதைப் புரிந்துகொள்ள இரண்டு நோயாளிகளை அருகில் வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

முதல் நோயாளி சாதாரணக் குடல்வால் அழற்சிக்காக அனுமதிக்கப்பட்ட இளைஞர். மாதிரி அவருடைய சிகிச்சையை 0.97 நிகழ்தகவோடு சரியாகச் சொல்கிறது, இழப்பு 0.03. இரண்டாமவர் அரிதாகவே சேர்ந்து வரும் மூன்று நோய்கள் கொண்ட ஒரு முதியவர். அவருக்கு மாதிரி 0.70 தருகிறது, இழப்பு 0.36. வரம்பை 0.1 என்று வைத்தால், இளைஞர் பயிற்சியில் இருந்தார், முதியவர் இல்லை என்று தாக்குதல் சொல்லும். உண்மை தலைகீழாக இருக்கலாம். இளைஞரைப் போன்றவர்கள் தரவில் நூற்றுக்கணக்கில் இருப்பதால், அவரைப் பார்க்காத மாதிரியும் அவரைச் சரியாகவே ஊகிக்கும். முதியவரைப் போன்றவர் வேறு எவரும் இல்லை. அவரைப் பார்க்காத எந்த மாதிரியும் அவருடைய விடைக்கு 0.70 தந்திருக்காது.

ஆக, கேட்க வேண்டியது இழப்பு தாழ்ந்திருக்கிறதா என்பதல்ல. இந்தப் பதிவைப் பார்க்காத மாதிரி என்ன சொல்லியிருக்கும் என்பதையே கேட்க வேண்டும். அதற்கான கருவிதான் ஷோக்ரி குழுவினர் கொண்டுவந்த நிழல் மாதிரிகள். தாக்குபவர், அதே வகையான தரவைத் தாமே திரட்டி, இலக்கு மாதிரியைப் போன்ற பல மாதிரிகளைத் தம் கணினியில் பயிற்றுவிக்கிறார். 2022-இல் நிக்கோலஸ் கார்லினியும் சக ஆய்வாளர்களும் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். ஒவ்வொரு பதிவும் ஏறத்தாழப் பாதி நிழல் மாதிரிகளில் இருக்குமாறும் மீதிப் பாதியில் இல்லாதவாறும் பயிற்றுவித்து, அந்த ஒரு பதிவுக்கென்றே இரண்டு பரவல்களைத் திரட்டினார்கள். நம் முதியவர் இருந்த நிழல் மாதிரிகள் 0.72-ஐச் சுற்றியும், இல்லாதவை 0.05-ஐச் சுற்றியும் நிகழ்தகவு தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இலக்கு மாதிரி 0.70 தந்தால், அது எந்தப் பக்கம் சேரும் என்பதில் ஐயமே இல்லை. இளைஞருக்கோ இரண்டு பரவல்களும் 0.96, 0.97 என்று ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். அவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை.

இதே ஆய்வு வலியுறுத்திய இன்னொரு கருத்தை, தாக்குதல் முறையை விடவும் முக்கியமானதாக நான் கருதுகிறேன். அதுவரை பலரும் தாக்குதலின் வலிமையைச் சராசரித் துல்லியத்தால் அளந்து வந்தார்கள். பயிற்சியில் இருந்த 1,000 பேர், இல்லாத 1,000 பேர் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு தாக்குதல் இருந்தவர்களில் 600 பேரைச் சரியாகச் சுட்டுகிறது, ஆனால் இல்லாதவர்களிலும் 400 பேரைச் சுட்டுகிறது. அதன் துல்லியம் 60 சதவீதம். இன்னொரு தாக்குதல் இருந்தவர்களில் 50 பேரையும், இல்லாதவர்களில் ஒரே ஒருவரையும் சுட்டுகிறது. அதன் துல்லியம் 52.45 சதவீதம், ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஆனால் முதல் தாக்குதல் யாரைச் சுட்டினாலும் அதை நம்ப முடியாது. இரண்டாவது சுட்டிய 51 பேரில் 50 பேர் பயிற்சித் தரவில் இருந்தது உண்மையிலேயே வெளிப்பட்டுவிட்டது. தன் மாதிரி பாதுகாப்பானது என்று ஒரு நிறுவனம் சராசரித் துல்லியத்தைக் காட்டினால், அது அந்த 50 பேரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தவறான சுட்டல் 0.1 சதவீதத்துக்குள் இருக்கும்போது எத்தனை பேர் பிடிபடுகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய அளவு.

இருப்பை அறியும் இந்த நுட்பம், தரவையே வெளியே இழுக்கும் வேறொரு தாக்குதலுக்கும் படியாக அமைகிறது. 2021-இல் ஜிபிடி-2 மொழி மாதிரியை ஆராய்ந்த குழுவினர், அதை 6,00,000 உரைகளை எழுதச் செய்தார்கள். அவற்றுள் பயிற்சித் தரவிலிருந்து அப்படியே வந்தவை எவை என்று பிரிக்க, மாதிரிக்கு ஓர் உரை எவ்வளவு எளிதாக இருக்கிறது என்பதை zlib என்னும் சாதாரணச் சுருக்க நிரலுக்கு அது எவ்வளவு எளிது என்பதோடு ஒப்பிட்டார்கள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய உரை இரண்டுக்குமே எளிது. ஒருவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய வரி சுருக்க நிரலுக்குக் கடினமாக இருந்து மாதிரிக்கு மட்டும் எளிதாக இருந்தால், மாதிரி அதை முன்பே பார்த்திருக்கிறது என்று பொருள். இத்தகைய வழிகளில் தேர்ந்தெடுத்துச் சோதித்த 1,800 உரைகளில் 604 உரைகள் மனப்பாடமானவை என்று உறுதியாயின. முதியவருக்கும் இளைஞருக்கும் இடையே நாம் செய்த ஒப்பீடே இங்கும் நடந்திருக்கிறது.

தற்காப்பு என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, நிகழ்தகவுகளை மறைத்துவிட்டு விடையை மட்டும் தருவது. இது தாக்குபவரின் வேலையைக் கூட்டுமே தவிர நிறுத்தாது. பதிவைச் சிறிது சிறிதாகக் கலைத்து, எவ்வளவு கலைத்தால் விடை மாறுகிறது என்று பார்த்தே மாதிரியின் உறுதியை அளந்துவிட முடிகிறது. பயிற்சியை முன்கூட்டியே நிறுத்துவதும், மிகைப் பொருத்தத்தைக் குறைப்பதும் சராசரிக் கசிவைக் குறைக்கும். ஆனால் அரிய பதிவுகளுக்கு அவை உறுதி எதுவும் தருவதில்லை. மொழி மாதிரிகளில், ஒரே உரை தரவில் பலமுறை வந்தால் அது மனப்பாடமாகும் வாய்ப்பு வேகமாகக் கூடுவதால், நகல்களைக் களைவது செலவு குறைந்த நல்ல முதற்படி.

எளிதில் பிடிபடும் பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் பயிற்றுவித்தால் என்ன? கார்லினியும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்தே பார்த்தார்கள். நீக்கிய பிறகு, முன்பு பாதுகாப்பாக இருந்த வேறு பதிவுகள் எளிதில் பிடிபடத் தொடங்கின. வெங்காயத்தின் ஒரு தோலை உரித்தால் அடுத்த தோல் வெளியே தெரிவதைப் போன்றது என்பதால், அதற்கு வெங்காய விளைவு என்று பெயரும் இட்டார்கள். நம் முதியவரை நீக்கினால், அவருக்கு ஓரளவு ஒத்திருந்தவர் இப்போது தனித்து நிற்பவர் ஆகிவிடுகிறார்.

கணித உறுதி தரும் வழி, 2006-இல் சிந்தியா ட்வொர்க் முதலியோர் வகுத்த டிஃபரன்ஷியல் பிரைவசி. ஒரு பதிவு தரவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. 2016-இல் மார்ட்டின் அபாதி குழுவினர் அதை ஆழ்கற்றலுக்கு ஏற்ப அமைத்தார்கள். பயிற்சியின் ஒவ்வோர் அடியிலும், ஒவ்வொரு பதிவும் எடைகளை எவ்வளவு நகர்த்த விரும்புகிறது என்பது தனித்தனியே கணக்கிடப்படுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நகர்த்த விரும்பும் பதிவின் பங்கு அந்த அளவுக்கு வெட்டப்படுகிறது. பிறகு பங்குகளைக் கூட்டி, அதன்மேல் தற்செயல் இரைச்சல் சேர்க்கப்படுகிறது. முதியவரின் பதிவு எவ்வளவு பலமாக இழுத்தாலும் அதன் தாக்கம் இரைச்சலில் மறைந்துபோகும். எப்சிலான் என்ற எண் இந்த உறுதியின் அளவு, அது எவ்வளவு சிறிதோ உறுதி அவ்வளவு பலமானது. சரியாகச் சுட்டும் விகிதம் TPR, தவறாகச் சுட்டும் விகிதம் FPR என்றால், எந்தத் தாக்குதலாலும் இந்த எல்லையை மீற முடியாது:

```
TPR <= exp(epsilon) * FPR + delta
```

இதில் `delta` புறக்கணிக்கத்தக்க அளவுக்குச் சிறியது. எப்சிலான் 1 என்றால், 0.1 சதவீதத் தவறுக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 0.27 சதவீதம் பேரே பிடிபடுவார்கள். எப்சிலான் 8 என்றால் பெருக்கும் எண் ஏறத்தாழ 2,981 ஆகிவிடுகிறது, எல்லை 100 சதவீதத்தைத் தாண்டி, காகிதத்தில் பொருளற்றுப் போகிறது. நடைமுறையில் அந்த அளவிலும் இரைச்சல் இன்று தெரிந்த தாக்குதல்களைப் பெரிதும் தடுக்கிறது என்பது வேறு. இதற்குரிய விலை துல்லியக் குறைவு. அந்தக் குறைவும் எல்லோருக்கும் சமமாக விழுவதில்லை. பங்குகளை வெட்டுவதும் இரைச்சல் சேர்ப்பதும் முதலில் அழிப்பது அரிய பதிவுகளிலிருந்து கற்றதையே என்பதால், எவரைக் காக்க முயல்கிறோமோ அவரைப் போன்றவர்களுக்கே மாதிரி கூடுதலாகத் தவறு செய்கிறது.

எப்சிலான் எதைக் காக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு வரிசைக்கு, அதாவது ஓர் அனுமதிப் பதிவுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. நாள்பட்ட நோய்க்காக அந்த முதியவர் 40 முறை அனுமதிக்கப்பட்டிருந்தால் தரவில் அவருக்கு 40 வரிசைகள் இருக்கும். வரிசைக்கு எப்சிலான் 1 என்று அறிவித்த மாதிரி, அந்த மனிதருக்குத் தரும் உறுதி எப்சிலான் 40 மட்டுமே. அவருடைய எல்லா வரிசைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று வெட்டினால்தான் அந்த 1 அவருக்கும் உரியதாகும்.