‘பொறுப்பே இல்ல’ன்னு வந்த மெசேஜ நியூட்ரலா மாத்துறது எப்படி?

இங்க சிங்கப்பூர்ல ஒரு மளிகை இறக்குமதி கம்பெனில கோஆர்டினேட்டரா இருக்குற வாசகி ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. சேல்ஸுக்கும் ஸ்டோருக்கும் வாட்ஸ்அப்ல தினமும் சண்டையாம், ரெண்டு பக்கத்து மெசேஜையும் நியூட்ரலா எழுதி மீட்டிங்குக்கு கொண்டு வான்னு பாஸ் இவங்க தலைல கட்டிட்டாராம், ஆனா இவங்க என்ன எழுதினாலும் ரெண்டு பக்கமும் ‘நாங்க சொன்னது இது இல்ல’ன்னு திருப்பி அனுப்பிடுறாங்களாம். என்னதான் தப்பு நடக்குதுன்னு கேட்டாங்க.

அவங்க அனுப்பின சாம்பிள்ல ஒண்ணு பாருங்க. சேல்ஸ் எழுதினது: “ஸ்டோர் ஆளுங்களுக்கு பொறுப்பே கிடையாது, எப்பவும் லேட்டு, கஸ்டமர் முன்னாடி எங்க மானம் போகுது.” ஸ்டோர் பதில்: “சேல்ஸ்காரங்க இஷ்டத்துக்கு வாக்கு குடுத்துட்டு கடைசி நேரத்துல ஆர்டர தூக்கி போடுவாங்க, பழி மட்டும் எங்க மேல.” இத வாசகி மாத்தி எழுதினது: “டெலிவரியில் சில தாமதங்கள் ஏற்பட்டுள்ளன. இரு துறைகளும் ஒத்துழைக்க வேண்டும்.” கோபத்த எடுத்துட்டாங்க, சரி, ஆனா கூடவே விஷயத்தையும் எடுத்துட்டாங்க. யாரு, என்னைக்கு, எந்த ஆர்டர், ஒண்ணுமே அதுல இல்ல.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு ஆராய்ச்சி இந்த இடத்துல அப்படியே பொருந்துது. ஒருத்தர் செஞ்சத நாலு படில சொல்லலாம்னு செமின், ஃபீட்லர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1988ல சொன்னாங்க. ஒருத்தன் இன்னொருத்தன குத்துறான்னு வைங்க. ‘குத்துறான்’னா அது கண்ணால பாத்தது. ‘காயப்படுத்துறான்’னா அதுல கொஞ்சம் நம்ம தீர்ப்பு கலந்துடுச்சு. ‘அவனுக்கு இவன புடிக்காது’ன்னா நேரா அவன் மனசுக்குள்ள போயாச்சு. ‘அவன் முரடன்’னா கடைசி படி, இப்ப அந்த குத்து, அந்த நாள், அந்த இடம் எதுவும் வாக்கியத்துல இல்ல, ஆளோட குணம் மட்டும்தான் மிச்சம். குணம்னு சொன்னதுமே கேக்குறவங்க ‘இவன் நாளைக்கும் இப்படித்தான் பண்ணுவான்’னு எடுத்துக்கறாங்க, அதுக்கு பதிலும் சொல்ல முடியாது, ஏன்னா குத்தலன்னா குத்தலன்னு நிரூபிக்கலாம், முரடன் இல்லன்னு எத வச்சு நிரூபிப்பீங்க?

அடுத்த வருஷம், 1989ல, ஆன் மாஸ்ங்கிற ஆய்வாளரோட குழு இத இத்தாலில ஃபெராரா ஊர்ல சோதிச்சு பாத்தாங்க. அங்க பாலியோன்னு குதிரை பந்தயம் நடக்கும், ஊரோட பேட்டைகள் ஒண்ணுக்கொண்ணு போட்டி போடும். பேட்டைக்காரங்ககிட்ட கார்ட்டூன் படங்கள காட்டினாங்க, சிலதுல நம்ம பேட்டை ஆளு நல்லதோ கெட்டதோ செய்றான், சிலதுல எதிர் பேட்டை ஆளு அதையே செய்றான், எந்த வாக்கியம் படத்துக்கு பொருந்தும்னு நாலு படிலேர்ந்து ஒண்ண எடுக்கணும். எதிராளி கெட்டது செஞ்சா ஜனங்க மேல் படிக்கு, குணத்துக்கு போனாங்க. நம்மாளு அதே கெட்டத செஞ்சா கீழ் படிலயே, வெறும் செயலா சொன்னாங்க. நல்லது செஞ்சா அப்படியே தலைகீழ், நம்மாளுன்னா குணம், எதிராளின்னா ஏதோ அன்னைக்கு செஞ்சான். திட்டம் போட்டு யாரும் இப்படி பேசுறதில்ல, ‘நாங்க’, ‘அவங்க’ன்னு பிரிஞ்சதுமே வாய் தானா அந்த படிக்கு ஏறிடுது.

இப்ப வாசகியோட கேஸுக்கு வருவோம். ‘பொறுப்பே கிடையாது’, ‘இஷ்டத்துக்கு’, ‘எப்பவும்’ எல்லாமே மேல் படி. மாத்தி எழுதுறதுன்னா மரியாதை வார்த்தை சேக்குறது இல்ல, ஒவ்வொரு வாக்கியத்தையும் கீழ் படிக்கு இறக்குறது. அதுக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒரே கேள்விதான் கேக்கணும்: எந்த ஆர்டர், என்ன நடந்துச்சு, எத்தன மணிக்கு? வாசகி கேட்டு, டெலிவரி ஆர்டர் சீட்டையும் வாட்ஸ்அப் மெசேஜையும் பக்கத்துல வச்சு பாத்தப்ப கெடச்சது இது: புதன்கிழமை மதியம் 2:15க்கு சிராங்கூன் ரோடு ரெஸ்டாரண்ட் ஒண்ணு போன்ல ஆர்டர் குடுத்துச்சு. 2:20க்கு சேல்ஸ் ‘ஸ்டாக் இருக்கா’ன்னு ஸ்டோர் குரூப்ல கேட்டாங்க. ஸ்டோர் ஆளுங்க அப்ப கன்டெய்னர் இறக்கிட்டு இருந்தாங்க, பதில் வந்தது 4:30க்கு. 4:40க்கு ஆர்டர் சிஸ்டத்துல ஏறுச்சு. மறுநாள் முதல் லாரிக்கு ஆர்டர் ஏத்துறதுக்கான கட்-ஆஃப் அன்னைக்கு மதியம் 3 மணி. அதனால சரக்கு காலைல 9க்கு போறதுக்கு பதிலா 11:30க்கு போச்சு.

ரெண்டு பக்கமும் சொன்னது உண்மைதான், பாருங்க. சரக்கு லேட்டுதான், ஆர்டரும் கடைசி நேரம்தான். ஆனா அந்த 2:20லேர்ந்து 4:30 வரைக்கும் உள்ள இடைவெளி யாரோட மெசேஜ்லயும் இல்ல, குணத்த பத்தி பேசுற வரைக்கும் அது வெளிய வரவும் வராது. ஆபிஸ்ல சிலர் ‘அவர் ராசி அப்படி’ம்பாங்க, சில கம்பெனி காசு குடுத்து ஸ்டாஃப குணத்த வச்சு கலர் கலரா பிரிக்கிற டெஸ்ட் வைக்கிறாங்க, என்னைக் கேட்டா ரெண்டுமே ஆளுங்கள மேல் படிலயே ஆணி அடிச்சு வைக்கிற வேலை, அந்த காச இந்த மாதிரி மொழி ஆராய்ச்சிக்கு குடுத்தா எவ்வளவோ பிரயோஜனம்.

அடுத்தது, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு நோக்கத்த மெசேஜ்ல வைக்கணும். ‘கம்பெனி வளர்ச்சி’ன்னு எழுதினா யாரும் அசைய மாட்டாங்க. 1954ல ஷெரீஃப்ங்கிற உளவியல் ஆய்வாளர் அமெரிக்கால ஓக்லஹோமால 22 பசங்கள ரெண்டு குழுவா பிரிச்சு கேம்ப் நடத்தினார், போட்டி வச்சதும் சண்டை முத்திடுச்சு. ஒண்ணா சாப்பிட வச்சு பாத்தா சாப்பாட்டயே தூக்கி எறிஞ்சாங்க. தண்ணி சப்ளை நின்னு போய் ரெண்டு குழுவும் சேந்து தேடினாதான் சரியாகும்ங்கிற மாதிரி வேலைகள் வரிசையா வந்தப்பதான் சண்டை தணிஞ்சுது. (கேம்ப் நடத்தின பெரியவங்களே சண்டைய தூண்டி விட்டாங்கன்னு அந்த ஆய்வு மேல விமர்சனம் உண்டு, அது நியாயமான விமர்சனம்.) நமக்கு வேண்டியது என்னன்னா, ஒரு டீம் தனியா முடிக்க முடியாத நோக்கமா இருக்கணும். இங்க அது ‘ரெஸ்டாரண்ட் மதிய சமையல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சரக்கு அங்க இருக்கணும்’. சேல்ஸால லாரிய ஏத்த முடியாது, ஸ்டோரால ஆர்டர எடுக்க முடியாது.

அப்ப மெசேஜ் இப்படி வரும்: “புதன் 2:15க்கு வந்த ஆர்டருக்கு ஸ்டாக் பதில் 4:30க்கு கெடச்சுது, அப்ப ஸ்டோர்ல கன்டெய்னர் இறக்கிட்டு இருந்தாங்க. ஆர்டர் 4:40க்கு ஏறுச்சு, கட்-ஆஃப் தாண்டிடுச்சு, சரக்கு மறுநாள் 11:30க்கு போச்சு, கஸ்டமர் சேல்ஸ கூப்பிட்டு கோச்சுக்கிட்டார். மதிய சமையலுக்கு முன்னாடி சரக்கு போய் சேரணும்னா, கன்டெய்னர் வர்ற நாள்ல 2லேர்ந்து 3 மணிக்குள்ள ஸ்டாக் கேள்விக்கு யாரு பதில் சொல்றது?”

கஸ்டமர் கோச்சுக்கிட்டத நான் எடுக்கல, கவனிச்சீங்களா? சேல்ஸோட வலி அதுதான், அத எடுத்தா அவங்க ‘நாங்க சொன்னது இது இல்ல’ம்பாங்க, அதுல நியாயமும் இருக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தர்கிட்ட படிச்சு காட்டுங்க, ‘ஆமா இதத்தான் சொன்னேன்’னு ரெண்டு பேரும் சொல்லலன்னா இன்னும் எங்கயோ தீர்ப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு, இல்ல ஒரு தகவல் விட்டுப் போச்சு.

கட்-ஆஃப் தாண்டி ஆர்டர் எடுத்தாதான் சேல்ஸுக்கு கமிஷன், ஓவர்டைம் பாத்தா ஸ்டோர் கணக்குல பட்ஜெட் இடிக்கும்னு இருந்தா எந்த வார்த்தையாலயும் தீராது, அத அப்படியே பாஸ்கிட்ட சொல்லிடுங்க. ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பிடிக்கலங்கிற மாதிரி மெசேஜயோ, ஒருத்தர தனியா குறி வச்சு கேவலமா திட்டின மெசேஜயோ மாத்தி எழுதவே கூடாது, ஒரிஜினல் அப்படியே மேல போகணும்.