ஆறு பலகைகள், ஒரு கம்பிச் சோடி

வயலில் களை எடுக்கும் நான்கு மீற்றர் நீள ரோபோ ஒன்றைச் செய்துவரும் கிளிநொச்சி மாணவர் ஒருவர், மேசையில் ஒழுங்காக இயங்கிய அது வயலில் நான்கு மோட்டர்களும் ஒன்றாகக் கிளம்பும்போது ஒரு மோட்டர் இயக்கியின் தொடர்பை இழப்பது ஏன் என்று கேட்டிருக்கிறார். நான்கு இயக்கிகள், முன்தடுப்பு உணரி, மையக் கட்டுப்பாடு என ஆறு மின்சுற்றுப் பலகைகளை அவர், பலகைகள் தமக்குள் செய்தி பரிமாறும் கேன் பஸ் முறையில் இணைத்திருக்கிறார்.

வாகனங்களுக்காக பொஷ் நிறுவனம் 1986 இல் அறிமுகப்படுத்திய இம்முறையில் முறுக்கிய இரு கம்பிகளே எல்லாப் பலகைகளுக்கும் பொது. செய்தி அவற்றின் மின்னழுத்த வித்தியாசத்தில் இருப்பதால், மோட்டரின் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறினாலும் வித்தியாசம் பெரிதும் மாறுவதில்லை. 0 ஐ அனுப்பும் பலகை கம்பிகளை ஏறத்தாழ 3.5 வோல்ற், 1.5 வோல்ற் என விலக்கிப் பிடிக்கிறது. 1 ஐ அனுப்பும் பலகை எதையும் பிடிப்பதில்லை, கம்பிகள் இரண்டும் 2.5 வோல்ற்றுக்குத் திரும்புகின்றன. ஆகவே இருவர் ஒரே கணத்தில் பேசினால் 0 தான் கம்பியில் தெரியும்.

இதிலிருந்து பிறக்கும் ஒழுங்கை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. ஒவ்வொரு செய்தியும் 11 பிட் அடையாள எண்ணுடன் தொடங்குகிறது. முன்தடுப்பு உணரியும் ஒரு மோட்டர் இயக்கியும் ஒன்றாகத் தொடங்குகின்றன என்று கொள்வோம்.

```
0x010  00000010000  முன்தடுப்பு
0x120  00100100000  மோட்டர்
```

முதல் இரு பிட்களில் வேறுபாடில்லை. மூன்றாவதில் இயக்கி 1 ஐ அனுப்புகிறது, ஆனால் கம்பியைத் திரும்ப வாசிக்கையில் 0 ஐக் காண்கிறது, உடனே ஒதுங்கிக்கொள்கிறது. உணரியின் செய்தியோ ஒரு பிட்டும் கெடாமல், நேரமும் வீணாகாமல் தொடர்கிறது. அவசரச் செய்திக்குச் சிறிய எண்ணைக் கொடுப்பது இதனாற்றான். எனினும் கம்பி எப்போதும் நிறைந்திருந்தால் பெரிய எண்ணுக்குரியவர் காத்துக்கொண்டே இருக்க நேரும்.

மாணவரின் பிழை வேறிடத்தில் இருந்தது. கம்பியின் இரு முனைகளில் மட்டும் 120 ஓம் தடை வேண்டும். அது இல்லாவிட்டால் சமிக்ஞை முனையில் பட்டுத் தெறித்துவரும். அவர் வாங்கிய ஆறு பலகைகளிலும் அத்தடை ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்தது. ஆறும் சமாந்தரமாகச் சேரும்போது 20 ஓம் தான். அவ்வளவு சிறிய தடைக்கு எதிராகக் கம்பிகளைப் போதிய அளவு விலக்கிப் பிடிக்க இயலாது. மேசையில் அமைதியிருந்ததால் எஞ்சிய வித்தியாசம் போதியதாயிற்று. வயலில் இரைச்சல் அதை விழுங்கியது. பலகை அனுப்பும் செய்தி கெடும்போதெல்லாம் அதன் பிழைக் கணக்கில் 8 கூடும், சரியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255 ஐத் தாண்டினால் பலகை தன்னைத்தானே கம்பியிலிருந்து துண்டித்துக்கொள்ளும். மோட்டர் மௌனமானதன் காரணம் அதுவே. கட்டளை வராதபோது தானாக நிற்கும்படி இயக்கியை அமைத்திராவிட்டால் சக்கரம் சுழன்றுகொண்டேயிருக்கும் என்பதையும் அவர் கவனிக்க வேண்டும்.

நமது பாடசாலைகள் பலவற்றில் அலைவுகாட்டி இல்லை. அதற்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் இப்பிழைக்கு மல்ரிமீற்றர் போதும். மின்னை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கிடையே தடையை அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 என்றால் ஒரு முனைத் தடை இல்லை, அல்லது கம்பி அறுந்திருக்கிறது. 40 என்றால் மூன்றாவது தடை எங்கோ ஒளிந்திருக்கிறது. நடுவிலுள்ள நான்கு பலகைகளின் தடைகளைக் கழற்றிய பின் மாணவரின் மீற்றர் 60 ஐக் காட்டியது.